பாடசாலைப் பிள்ளையின் தலையில் பேன்: யாழ்ப்பாணத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மருந்து பூசி முழுகவார்த்து ஒரு கிழமைதான் ஆகிறது, மகளின் தலையில் மறுபடியும் பேன். பாடசாலையில் திரும்பத் தொற்றிவிட்டதா?

அப்படியும் நடக்கும். ஆனால் பாடசாலையைக் குற்றம் சொல்வதற்கு முன் அதே தலையைச் சந்தேகியுங்கள். ஒரு கிழமைக்குள் தென்படும் பேன் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்ததல்ல. மருந்து பூசிய அன்று ஈராக இருந்து, பிறகு பொரித்து வெளிவந்தது அது.

பெண்பேன் உச்சந்தோலை ஒட்டிய மயிரிழையில் நாளொன்றுக்கு ஆறு முதல் பத்து வரை முட்டையிடும். ஒவ்வொன்றையும் பசை போன்ற ஒரு பொருளால் இழையோடு இறுக ஒட்டிவிடும். அதனால்தான் எத்தனை முறை முழுகினாலும் ஈர் கழன்று போவதில்லை. ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும். வெளிவரும் குஞ்சு ஊசித்தலை அளவுதான் இருக்கும். அது வளர்ந்து முட்டையிடும் பேனாக இன்னும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாள்கள் வேண்டும். கடைகளில் கிடைக்கும் மருந்துகளில் பல ஓடும் பேனைக் கொல்லும். ஈருக்குள் இருப்பதைக் கொல்வது நிச்சயமில்லை. ஆகவே முதல் நாள் தலை சுத்தமாகத் தெரிந்தாலும் ஒரு கிழமை கழித்துக் குஞ்சுகள் வந்துவிடும்.

இந்தக் கணக்கிலேயே நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. குஞ்சு முட்டையிட முடியாது. பொரித்ததும் வளர்வதற்குள் அதைச் சீப்பால் எடுத்துவிட்டால் வரிசை அங்கேயே அறுந்துபோகும். எந்த மருந்து சிறந்தது என்று கேட்பவர்கள் அதிகம், எந்த நாளில் மறுபடி வாரவேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. என் அனுபவத்தில் காரியத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது கேள்விதான்.

தலையில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. பொடுகா, ஈரா?

விரலால் தட்டிப் பாருங்கள். பொடுகு உதிரும், அல்லது இழையோடு வழுக்கி நகரும். ஈர் அசையாது, இரண்டு நகங்களுக்கிடையில் பிடித்து உருவினால்தான் வரும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் முதலில் தேடுங்கள், பேனுக்குப் பிடித்த இடங்கள் அவை.

ஆனால் ஈரைக் கண்டதும் மருந்து வாங்க ஓடவேண்டாம். தோலிலிருந்து விலகி வெள்ளையாகப் பளபளப்பது பெரும்பாலும் பொரித்து முடிந்த வெற்றுக்கூடு. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளர்கிறது. எனவே தோலிலிருந்து மூன்று சென்ரிமீற்றர் தள்ளி நிற்கும் கூடு ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு முன் ஒட்டப்பட்டதாக இருக்கவேண்டும். குளிர்நாடுகளில் தோலிலிருந்து ஒரு சென்ரிமீற்றருக்குள் இருப்பதை மட்டும் உயிருள்ள ஈராகக் கொள்வார்கள். நம்முடையதைப் போன்ற வெப்பமான இடங்களில் பேன் இன்னும் தள்ளியும் முட்டையிடக்கூடும் என்பதால் அந்த அளவை மட்டும் நம்பமுடியாது. உயிருள்ள பேன் ஒன்றாவது சீப்பில் வந்தால்தான் சிகிச்சை தொடங்கவேண்டும்.

அரிப்பையும் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். அது பேனின் உமிழ்நீருக்கு உடல் காட்டும் ஒவ்வாமை. முதல் முறை பேன் பிடித்த பிள்ளைக்கு அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு கிழமைகள் ஆகலாம். பேனெல்லாம் போன பிறகும் சில நாள்கள் சொறிவார்கள்.

சீப்பால் மட்டும் பேனைப் போக்க முடியுமா? எப்படி வாரவேண்டும்?

பொறுமை இருந்தால் முடியும். உலர்ந்த முடியில் வாரினால் பேன் ஓடி ஒளித்துவிடும், ஆகையால் ஈரமுடியில் வாரவேண்டும். தேவையானவை நெருக்கமான, வளையாத பற்கள் கொண்ட உலோகப் பேன்சீப்பு, மலிவான கண்டிஷனர், வெள்ளைத் துணி அல்லது ரிசு, நல்ல வெளிச்சம். மருந்துப் பெட்டியோடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் சீப்பின் பற்கள் அடர்ந்த முடியில் விரிந்துகொடுக்கும். விரிந்த இடைவெளியால் குஞ்சு தப்பிவிடும்.

வழக்கம்போல ஷாம்பு போட்டு அலசுங்கள். நம் கிணற்று நீர் பல ஊர்களில் வன்னீர் என்பதால் நுரை குறைவாக வரும். எண்ணெய் வைத்த தலையானால் இரண்டு முறை ஷாம்பு தேவைப்படும். பிறகு முடி முழுவதும் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசுங்கள். அது பேனைக் கொல்லாது, ஆனால் சிறிது நேரம் ஓடவிடாமல் செய்யும். முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடுங்கள். சிக்கோடு பேன்சீப்பை இழுத்தால் பிள்ளைக்கு வலிக்கும்; அடுத்த முறை தலையைக் கொடுக்கவே மாட்டாள்.

இனி முடியைச் சின்னச் சின்னப் பிரிவாக எடுத்து, சீப்பின் பற்கள் உச்சந்தோலைத் தொடும்படி வைத்து, நுனி வரை ஒரே இழுப்பாக வாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பின் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். வளர்ந்த பேன் எள்ளளவு, குஞ்சு அதைவிடச் சிறிய பழுப்புப் புள்ளி. தலை முழுவதையும் வாரி முடித்ததும் கண்டிஷனரை அலசிவிட்டு மறுபடியும் ஒரு தடவை வாருங்கள். இடுப்பு வரை முடியுள்ள பிள்ளைக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். ஞாயிற்றுக்கிழமை வெயிலில், முற்றத்தில் கதிரை போட்டுச் செய்வதே நல்லது. மாலை மங்கலில் சமையலறை விளக்கின் கீழ் வாரினால் குஞ்சு கண்ணில் படாது.

இதை 1, 5, 9, 13ஆம் நாள்களில் செய்து, 17ஆம் நாள் கடைசியாகச் சோதியுங்கள். இடையில் பொரிக்கும் எந்தக் குஞ்சும் முட்டையிடும் வயதை அடைவதற்குள் அடுத்த வாரல் வந்துவிடும்படி போட்ட கணக்கு இது.

பாமசியில் எதைக் கேட்டு வாங்குவது? எப்படிப் பூசுவது?

இரண்டு வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன். பேனின் நரம்பைத் தாக்கும் பூச்சிகொல்லி இது. 5 சதவீதத்தில் வருவது சொறிசிரங்குக்கு உடம்பில் பூசும் கிறீம். இரண்டையும் மாற்றி வாங்கிவிடவேண்டாம். கண்டிஷனர் கலக்காத ஷாம்புவால் தலையைக் கழுவி, துவாயால் ஒற்றி, ஈரம் மட்டும் மிஞ்சிய முடியில் வேர் முதல் நுனி வரை நனையும்படி பூசி, 10 நிமிடங்கள் வைத்து அலசவேண்டும். எண்ணெயும் கண்டிஷனரும் முடியில் இருந்தால் மருந்து ஒட்டாது. நம் வீடுகளில் இந்த மருந்து தோற்றுப்போவதற்கு நான் அதிகம் காணும் காரணம், முதல்நாள் வைத்த தேங்காய் எண்ணெயின் மேலேயே லோஷனைப் பூசுவதுதான். அலசிய பிறகு இரண்டு நாள்கள் தலை முழுகக் கூடாது. 9ஆம் நாள் இரண்டாம் முறை பூசவேண்டும்.

இரண்டாவது டைமெதிக்கோன் லோஷன். இது நஞ்சல்ல, சிலிக்கோன் எண்ணெய். பேனை மூடிப் பிடித்துக் கொல்கிறது. ஆகவே பேன் இதற்குப் பழகிப்போகும் வாய்ப்பு மிகக் குறைவு. 4 சதவீதமானதை உலர்ந்த முடியில் பூசி எட்டு மணித்தியாலம், அதாவது ஓர் இரவு, வைத்துக் கழுவி, ஏழு நாள் கழித்து மறுபடி பூசுவது வழக்கம். தயாரிப்புக்குத் தயாரிப்பு நேரம் மாறும் என்பதால் போத்தலில் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள். தீப்பற்றக்கூடியது; பூசிய தலையோடு பிள்ளை அடுப்படிக்கும் சாமி விளக்குக்கும் அருகில் போகக் கூடாது.

எந்த மருந்தானாலும் பூசி எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலங்களின் பின் வாரிப் பாருங்கள். பேன்கள் செத்தோ தளர்ந்தோ இருந்தால் மருந்து வேலை செய்கிறது. முன்போலவே சுறுசுறுப்பாக ஓடினால் பூசிய முறை பிழை, அல்லது அந்தப் பேன் மருந்துக்குப் பழகிவிட்டது. பெர்மெத்ரினுக்கு இப்படிப் பழகிய பேன்கள் உலகின் பல பகுதிகளில் உண்டு. முறை சரியாக இருந்தும் ஓடினால், அதே போத்தலை மறுநாளும் தலையில் கவிழ்க்காமல் வேறு வகைக்கு மாறுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும் வைத்தியரைக் கேட்காமல் பூச்சிகொல்லி வேண்டாம். சீப்பும் கண்டிஷனரும் போதும்.

அம்மம்மா மண்ணெண்ணெய் வைக்கச் சொல்கிறார். வேப்பெண்ணெய், சீத்தாப்பழ விதை என்றும் சொல்கிறார்கள்.

மண்ணெண்ணெய் கூடவே கூடாது. உச்சந்தோலை எரித்துப் புண்ணாக்கும், கண்ணில் வழியும், பிள்ளை விழுங்கி மூச்சுக்குழாயில் போனால் நுரையீரல் அழற்சி வரும், விறகடுப்பின் பொறி ஒன்று போதும் தலை தீப்பிடிக்க. தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து அதைவிடக் கொடியது; தோல் வழியாகவே உடலுக்குள் போய்விடும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் போத்தலிலிருந்து கொஞ்சம் என்று யாராவது பூசிவிட்டு, பிள்ளைக்கு வாந்தி, அதிக வியர்வை, உமிழ்நீர் வடிதல், மூச்சுத் திணறல் கண்டால் உடுப்பைக் கழற்றி, சோப்பும் நிறையத் தண்ணீரும் கொண்டு கழுவி, 1990 அம்புலன்சை அழைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சீத்தாப்பழ விதை உண்மையில் பேனைக் கொல்லும். அதனால்தான் ஆபத்தும். அந்தத் தூள் கண்ணில் பட்டுக் கருவிழி புண்ணாகி, கடும் வலியோடும் மங்கிய பார்வையோடும் கண் வைத்தியரிடம் வந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். பிள்ளையின் தலையில் அரைத்துப் பூசும் பொருள் கண்ணுக்கு வராமல் இருக்குமென்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அம்மம்மாவின் பட்டியலில் நான் ஏற்றுக்கொள்வது எண்ணெயை மட்டும்தான், அதுவும் மருந்தாக அல்ல. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ நிறைய வைத்து வாரினால் கண்டிஷனர் செய்யும் வேலையை ஓரளவு செய்யும். வேப்பெண்ணெயும் அப்படியே, ஈரைக் கொல்லுமென்று நம்பி வாரல் நாள்களைக் கைவிட்டால் பேன்தான் வெல்லும். இன்னொன்று, மடியில் தலையை வைத்து மணிக்கணக்கில் பேன் பார்க்கும் பழைய வழக்கத்தைப் பழிக்கமாட்டேன். செய்யவேண்டியது ஏறக்குறைய அதுதான், கையில் சீப்பும் முடியில் ஈரமும் சேர்ந்தால் போதும்.

நாங்கள் எல்லாமே செய்தோம், ஆனாலும் வந்துவிட்டது. எங்கே பிழைத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சீப்பில் வந்த பேனின் பருமனைப் பாருங்கள். அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். கோண்டாவிலில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகள் தரம் 4, இடுப்பு வரை முடி. தம்பிக்கு ஐந்து வயது.

சனிக்கிழமை 1ஆம் நாள். தாய் மகளின் எண்ணெயை ஷாம்புவால் நீக்கி, பெர்மெத்ரின் பூசி அலசி, மாலையில் வாரினார். எள்ளளவுப் பேன்கள் துணி முழுவதும், பெரும்பாலும் செத்தவை. தம்பியின் தலையையும் வாரிப் பார்த்தார், ஒன்றுமில்லை. ஆகவே அவனுக்கு மருந்தும் இல்லை. அது சரியான முடிவு. பேன் இல்லாத தலைக்கு முற்காப்பாக மருந்து பூசுவதால் பயனில்லை.

புதன், 5ஆம் நாள், கண்டிஷனர் பூசி வாரினார். ஏழெட்டுச் சிறு புள்ளிகள், எல்லாம் குஞ்சுகள். மருந்து தோற்றுவிட்டதென்று அவர் பயந்தார். உண்மையில் நடக்கவேண்டியதே நடந்திருக்கிறது: ஈர்கள் பொரிக்கின்றன, சீப்பு அவற்றைப் பிடிக்கிறது. இந்த நாளில் எள்ளளவுப் பேன் உயிரோடு வந்திருந்தால்தான் கவலை. நான்கு நாளில் குஞ்சு அவ்வளவு வளராது. அது மருந்துக்குத் தப்பியதாகவோ வேறு தலையிலிருந்து வந்ததாகவோதான் இருக்கும்.

ஞாயிறு, 9ஆம் நாள். இரண்டாம் முறை மருந்து. மருந்துக்கு முன் கண்டிஷனர் கூடாதல்லவா, அதனால் அன்று ஷாம்பு, லோஷன், அலசல், பிறகு வெறும் ஈரமுடியில் வாரல் என்று வரிசையை மாற்றிக்கொண்டார். மூன்று குஞ்சுகள் மட்டும் வந்தன.

வியாழன், 13ஆம் நாள். சீப்பில் இரண்டு பேன்கள், இரண்டும் நன்றாக வளர்ந்தவை, ஓடுகின்றன. 5ஆம் நாளும் 9ஆம் நாளும் வெறும் குஞ்சுகளே வந்த தலையில் திடீரென்று பெரியவை வந்தால் அவை அங்கே வளர்ந்தவையாக இருப்பது அரிது. யாரிடமிருந்தோ புதிதாக ஏறியவை. வகுப்பில் யாரென்று தேடுவதற்கு முன் இரவில் பிள்ளை யாரோடு படுக்கிறாள் என்று கேட்கவேண்டும். இந்த வீட்டில் அம்மம்மாவோடு, ஒரே பாயில். அவருடைய கொண்டையை யாரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. அவருக்கு அரிப்புமில்லை, நெடுநாளாகப் பேன் இருப்பவர்களில் சிலருக்கு அரிப்பு மறத்துவிடும். அவிழ்த்து வாரியபோது நிறைய வந்தது.

செய்யவேண்டியது அம்மம்மாவுக்கும் பேத்திக்கும் ஒரே நாளில் மறுபடியும் 1ஆம் நாளிலிருந்து தொடங்குவது. முதியவருக்குத் தலை முழுகினால் தடிமன் பிடிக்குமென்ற பயமிருந்தால் பகல் வெயிலில் வாரி முடி காயவிடலாம். அம்மம்மா மனம் நோகாதபடி விடயத்தைச் சொல்வது இதில் கடினமான பகுதி. அதை மகளே சொல்லட்டும், மருமகன் வேண்டாம்.

பாய், தலையணை, சீருடை எல்லாவற்றையும் அவிக்கவேண்டுமா?

வேண்டாம். தலையை விட்டு விழுந்த பேன் இரத்தம் கிடைக்காமல் ஓரிரு நாளில் செத்துவிடும். முதல் நாள் தலையணை உறை, துவாய், ரிபன் ஆகியவற்றைச் சுடுநீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள்; சீப்புகளைச் சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். மெத்தைக்கு மருந்து விசிற வேண்டியதில்லை. நாயும் பூனையும் நிரபராதிகள், மனிதப் பேன் அவற்றில் வாழாது.

பேசாமல் மொட்டையடித்துவிடலாமா?

பேன் போய்விடும் என்பது உண்மை. ஆனால் பாடசாலைக்குப் போகும் பெண்பிள்ளைக்கு அது தண்டனை. பேன் அந்த அளவுக்குப் பெரிய நோயல்ல. தோள் வரை வெட்டினால் வாரும் நேரம் பாதியாகும், அவள் சம்மதித்தால் வெட்டுங்கள்.

பேன் இருக்கும்போது பாடசாலைக்கு அனுப்பலாமா? ரீச்சரிடம் சொல்வதா, மறைப்பதா?

அனுப்புங்கள். நீங்கள் பார்த்த நாளுக்கு முன்பே பேன் பல கிழமைகள் அந்தத் தலையில் இருந்திருக்கும்; ஒரு நாள் மறிப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. அன்று மாலையே சிகிச்சையைத் தொடங்கினால் போதும். வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். அவர் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் எல்லாப் பெற்றோரையும் அந்தச் சனி ஞாயிறிலேயே வாரிப் பார்க்கச் சொன்னால் பலன் கிடைக்கும், ஏனென்றால் ஆளுக்கொரு கிழமையில் சிகிச்சை செய்தால் பேன் வகுப்பைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்து வாங்கில் இருக்கும் தோழியின் தாயிடம் நீங்களே நேரில் பேசுவது இன்னும் நல்லது. சுத்தமில்லாத வீட்டில்தான் பேன் வரும் என்ற பேச்சு பொய். தினமும் முழுகும் தலையிலும் அது சுகமாக வாழும்.

இனி வராமல் தடுக்க என்ன செய்யலாம்?

பேனுக்குச் சிறகுமில்லை, பாயும் கால்களுமில்லை. தலையும் தலையும் தொட்டால்தான் ஏறும். ஆகவே எங்கே தொடுகின்றன என்று யோசியுங்கள்: புலமைப்பரிசில் ரியூசனில் ஒரே வாங்கில் ஐந்து பேர், நெரிசலான பாடசாலை வான், ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றிக் குனிந்த நான்கு தலைகள், விடுமுறையில் மச்சாள்மாரோடு ஒரே பாயில் தூக்கம். இவற்றையெல்லாம் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். முடியை விரித்துவிடாமல் இறுக்கமாக இரட்டைப் பின்னல் போட்டு மடித்துக் கட்டினால் தொடும் முடி குறையும். ரியூசனுக்கும் அதே பின்னலோடு அனுப்புங்கள். பாடசாலை விட்டதும் அவிழ்த்துவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சீப்பும் ரிபனும் ஆளுக்கொன்றாக இருக்கட்டும், ஆனால் பேன் அவற்றால் பரவுவது குறைவு.

இதையெல்லாம் விடப் பயன்தருவது கிழமைக்கு ஒருமுறை ஈரமுடியில் பேன்சீப்பால் வாரிப் பார்ப்பது. சனிக்கிழமை முழுக்கோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. ஒரு பேன் ஏறியதும் பிடித்துவிட்டால் நான்கு வாரல்களில் முடியும் வேலை, மாதம் கழித்துப் பிடித்தால் வீடு முழுவதற்கும் பரவியிருக்கும். பேனை விரட்டும் என்று விற்கப்படும் தெளிப்புகளுக்குக் காசு செலவழிக்கவேண்டாம்.

எப்போது வைத்தியரிடம் காட்டவேண்டும்?

சொறிந்த இடத்தில் சீழோ மஞ்சள் பொருக்கோ வைத்தால், பிடரியில் நெறி கட்டி வலித்தால், காய்ச்சல் வந்தால் காலம் தாழ்த்தாமல் காட்டுங்கள். அது பேனால் வந்த புண்ணில் கிருமி தொற்றியிருப்பது, அதற்கு வேறு மருந்து வேண்டும். அந்தப் புண் ஆறும் வரை பேன்மருந்து பூசாதீர்கள். இரண்டு வகை மருந்தையும் சரியான முறையில், சரியான நாளில் பூசி, வீட்டிலுள்ள எல்லோரது தலையையும் வாரிப் பார்த்த பிறகும் வளர்ந்த பேன் வந்துகொண்டிருந்தால் அப்போதும் போகலாம். என்ன மருந்தை எந்தத் தேதியில் பூசினீர்கள், ஒவ்வொரு வாரலிலும் வந்தவை குஞ்சா பெரிதா என்று ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுபோங்கள். வைத்தியர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.